மறுமதிப்பீடு கேட்கும் கடிதம் உண்மையில் எதைக் கேட்கிறது?

அலுவல் கடிதப் பயிற்சிக்காகப் படிவம் நான்கு மாணவர்களுக்கு நான் கொடுத்த தலைப்பு இது. கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் வசிக்கும் ஒரு தந்தை, படிவம் மூன்றில் படிக்கும் தம் மகளின் தமிழ்மொழி விடைத்தாளை மறுமதிப்பீடு செய்யும்படி பள்ளி முதல்வருக்குக் கடிதம் எழுத வேண்டும். விடைத்தாளின் நிலவரத்தையும் கேள்வியிலேயே கொடுத்திருந்தேன். முகப்பில் மொத்தம் 56 என்று இருக்கிறது. உள்ளே மூன்று பகுதிகளுக்கும் முறையே 16, 24, 21. பதினான்காம் கேள்வி 6 புள்ளிக்கு உரியது. முதல் பாதிக்கு 3 புள்ளி விழுந்திருக்கிறது, மறுபக்கத்தில் தொடரும் விடையில் சரியும் இல்லை, பிழையும் இல்லை, பேனாவே படவில்லை. கட்டுரைக்கு 40க்கு 21. அது குறைவு என்று தந்தை நினைக்கிறார்.

வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கீழே உள்ளதைப் போலத்தான் இருந்தன. இது ஒரே மாணவர் எழுதியது இல்லை. சில தாள்களில் கண்டதைச் சேர்த்து அமைத்தது.

“வணக்கம். நான் ஓர் ஏழைத் தோட்டத் தொழிலாளி. தினமும் விடியற்காலையில் பால் வெட்டச் சென்று, வியர்வை சிந்தி என் மகளைப் படிக்க வைக்கிறேன். அவள் இரவு பகல் பாராமல் படித்தாள். ஆனால், அவளுக்குக் குறைந்த புள்ளிகளே கிடைத்துள்ளன. ஆசிரியர் கவனமின்றித் திருத்தியுள்ளார். நான் எழுதிய விடைகள் யாவும் சரியானவை. ஆகவே, தாங்கள் கருணை கூர்ந்து மறுமதிப்பீடு செய்து நல்ல புள்ளிகள் வழங்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.”

மொழிப் பிழை என்று பார்த்தால் இதில் சிவப்பு மைக்கு அதிக வேலை இல்லை. சந்தி சரி, வாக்கியம் சரி, மரியாதையும் இருக்கிறது. நம்மில் பலர் இதற்குத் தாராளமாகவே புள்ளி கொடுத்திருப்போம். ஆனால், இந்தக் கடிதம் உண்மையாகவே முதல்வரின் மேசைக்குப் போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அவர் அதைத் தமிழ்மொழிப் பணித்தியத் தலைவரிடம் கொடுப்பார். அவர் பாட ஆசிரியரைக் கூப்பிட்டு, “என்ன டீச்சர், இந்தப் பிள்ளை தாள்ல ஏதாவது பிரச்சினையா?” என்று கேட்பார். “இல்லையே, சரியாத்தான் திருத்தியிருக்கேன்” என்பது பதில். அவ்வளவுதான், முடிந்தது. எந்தப் பக்கத்தைத் திறந்து பார்ப்பது என்று கடிதம் சொல்லவில்லை. ஆகவே, யாரும் திறந்து பார்க்கவில்லை. கூட்டலில் போன புள்ளி போனதுதான்.

முதலில் அந்தப் பால் வெட்டை எடுத்துக்கொள்வோம். கேமரன் மலையில் ரப்பர் கிடையாது. அந்த உயரத்துக் குளிருக்கு அது ஏற்ற மரம் இல்லை. அங்கே தேயிலைதான், 1929இல் தொடங்கிய போ தோட்டம் உட்பட. கொழுந்தும் இப்போது பெரும்பாலும் கையால் கிள்ளப்படுவதில்லை. கத்தரியாலும், சமமான சரிவுகளில் இருவர் சேர்ந்து பிடிக்கும் இயந்திரத்தாலும் வெட்டுகிறார்கள். மாணவர்கள் “தோட்டம்” என்ற சொல்லைப் பார்த்ததும், கட்டுரை நூல்களில் படித்த ரப்பர் தோட்டத்தை அப்படியே தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். இது சின்னப் பிழைதான். ஆனால், எழுதியவர் அந்தத் தந்தையை ஒரு மனிதராக நினைத்துப் பார்க்கவில்லை, “ஏழைத் தொழிலாளி” என்ற அச்சை எடுத்து ஒட்டியிருக்கிறார் என்பதை அது காட்டிக்கொடுக்கிறது.

அந்த வறுமையே கடிதத்தின் வாதமாகவும் ஆகிவிடுகிறது. தந்தை ஏழையா, பணக்காரரா என்பதற்கும் பதினான்காம் கேள்வியின் மறுபக்கத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை. 16ஐயும் 24ஐயும் 21ஐயும் கூட்டினால் யார் வீட்டுப் பிள்ளைக்கும் 61 தான். அதைக் கேட்க எதற்குக் கருணை? “கருணை கூர்ந்து” என்று எழுதியவுடனே, கணக்குப் பிழையைத் திருத்துவது ஒரு சலுகையாகிவிடுகிறது. சலுகையென்றால் கொடுக்கவும் செய்யலாம், கொடுக்காமலும் விடலாம். தோட்டத்து வாழ்க்கை இந்தக் கடிதத்தில் வரவே கூடாது என்று நான் சொல்லவில்லை. வேலை நாளில் பள்ளிக்கு வந்து போக முடியாது, சந்திப்பை இன்ன நேரத்தில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்கும் இடத்தில் அதற்கு வேலை இருக்கிறது. அங்கே அது தகவல்.

இன்னொன்று. “நான் எழுதிய விடைகள்” என்ற வரியைக் கவனித்தீர்களா? தந்தையின் குரலில் தொடங்கிய கடிதத்தில் திடீரென்று மகள் பேசுகிறாள். பிறர் நிலையில் நின்று எழுதும் எல்லாக் கடிதத்திலும் இந்தச் சறுக்கல் வரும், அதுவும் கோபம் ஏறும் வாக்கியத்தில்தான் வரும். எழுதி முடித்ததும் “நான்”, “என்” வரும் இடங்களை மட்டும் விரலால் தொட்டுப் பார்த்தால் பிடித்துவிடலாம்.

சரி, முக்கியமான விஷயத்துக்கு வருவோம். “மறுமதிப்பீடு” என்ற ஒரே சொல்லுக்குள் இந்தத் தந்தை மூன்று வெவ்வேறு காரியங்களைக் கேட்கிறார். மொத்தம் தவறு என்பது மறுகூட்டல். அதற்குத் தமிழாசிரியர்கூடத் தேவையில்லை, கூட்டத் தெரிந்த யாரும் பார்க்கலாம், கருத்து வேறுபாட்டுக்கு இடமே இல்லை. பதினான்காம் கேள்வியின் மறுபக்கம் திருத்தப்படவில்லை என்பது விடுபட்ட விடை. அது விடுபட்டது என்பது கண்ணால் தெரியும் உண்மை. ஆனால், அதற்கு எத்தனை புள்ளி என்பதை ஆசிரியர்தான் முடிவு செய்ய வேண்டும். எழுதியது தவறாக இருந்தால் சுழியமும் வரலாம். மூன்றாவது, கட்டுரை. அங்கே விடுபட்டது எதுவும் இல்லை. படித்து, எடைபோட்டு 21 கொடுத்திருக்கிறார்கள். அதை மாற்றும்படி கேட்பதுதான் உண்மையான மறுமதிப்பீடு. இன்னொருவர் படித்தால் 23 வரலாம், 19உம் வரலாம்.

இந்த மூன்றும் ஒன்றல்ல என்பது வெளியிலும் தேர்வு நடைமுறையாக இருக்கிறது. தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்பு அரசுத் தேர்வு முடிவு வந்த பிறகு, மாணவர் முதலில் தம் விடைத்தாளின் நகலுக்கு விண்ணப்பிக்கிறார். நகலைப் பார்த்த பிறகுதான் மறுகூட்டலா, மறுமதிப்பீடா என்று முடிவு செய்து தனியாக விண்ணப்பிக்கிறார். இரண்டுக்கும் கட்டணம் வேறு. இந்திய உச்ச நீதிமன்றமும் இவற்றைப் பிரித்தே பார்த்திருக்கிறது. விதியில் இடம் இல்லாதபோது மறுமதிப்பீட்டை உரிமையாகக் கேட்க முடியாது என்பது 1984ஆம் ஆண்டு மகாராஷ்டிரத் தேர்வு வாரிய வழக்கின் தீர்ப்பு. திருத்திய விடைத்தாளைத் தகவல் உரிமைச் சட்டத்தின்படி மாணவர் பார்க்கலாம் என்பது 2011ஆம் ஆண்டு ஆதித்யா பந்தோபாத்யாய் வழக்கின் தீர்ப்பு. பார்ப்பது வேறு, திருத்தத்தை மாற்றக் கேட்பது வேறு. அந்த 2011 தீர்ப்பில் இன்னொரு செய்தியும் உண்டு: தாளைக் காட்டும்போது திருத்தியவரின் பெயரைக் காட்ட வேண்டியதில்லை. தாளைப் பற்றிப் பேசுவதற்குத் திருத்தியவர் யார் என்பது தேவைப்படுவதில்லை என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன். “ஆசிரியர் கவனமின்றித் திருத்தியுள்ளார்” என்ற வாக்கியத்தை எடுத்துவிடுங்கள், கடிதம் ஒன்றையும் இழக்காது. வைத்திருந்தால், படிக்கிறவர் தாளை விட்டுவிட்டு ஆசிரியரைக் காப்பாற்றத் தொடங்கிவிடுவார்.

நம் பள்ளித் தேர்வில் தாள் பிள்ளையின் கைக்கே திரும்பி வருகிறது. பார்க்கும் கட்டம் ஏற்கெனவே முடிந்துவிட்டது. ஆகவே, பார்த்ததைச் சொன்னால் போதும். முகவரி, திகதி, விளிப்பு எல்லாம் வழக்கம்போல. இடைநிலைப்பள்ளி என்பதால் பெறுநர் “முதல்வர்”, தொடக்கப்பள்ளி என்றால்தான் “தலைமையாசிரியர்”. இதைப் பலர் மாற்றி எழுதியிருந்தார்கள். முகவரியில் அஞ்சல் குறியீடு ஊர்ப்பெயருக்கு முன்னால் வரும்: 39200 ரிங்லெட், 39000 தானா ராத்தா. கடிதத்தின் உடல் இப்படி இருக்கலாம்:

“படிவம் மூன்று தமிழ்மொழி விடைத்தாளை மீண்டும் சரிபார்க்கக் கோருதல்

வணக்கம். என் மகளின் திருத்தப்பட்ட தமிழ்மொழி விடைத்தாளை வீட்டில் பார்த்தேன். அதில் கீழ்க்காணும் மூன்று செய்திகளைத் தங்கள் கவனத்திற்குக் கொண்டு வருகிறேன்.

2. தாளின் உள்ளே மூன்று பகுதிகளுக்கும் 16, 24, 21 எனப் புள்ளிகள் இடப்பட்டுள்ளன. இவற்றின் கூட்டுத்தொகை 61. முகப்பில் 56 என உள்ளது. மொத்தத்தைத் திருத்தித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

3. பதினான்காம் கேள்வியின் விடை மறுபக்கத்திலும் தொடர்கிறது. அப்பக்கத்தில் திருத்தக் குறி எதுவும் இல்லை. அப்பகுதியையும் பார்த்து, உரிய புள்ளியை முடிவு செய்யுமாறு வேண்டுகிறேன்.

4. கட்டுரைக்கு 40க்கு 21 புள்ளிகள் வழங்கப்பட்டுள்ளன. எதனால் புள்ளிகள் குறைந்தன என்பதை என் மகள் அறிந்துகொள்ள, ஆசிரியர் விளக்கம் தந்தால் உதவியாக இருக்கும்.

5. விடைத்தாளை இக்கடிதத்துடன் இணைத்துள்ளேன். நேரில் வரவேண்டுமெனில், தோட்டத்தில் வேலை முடிந்த பிறகு, மாலையில் வர இயலும். நன்றி.”

கட்டுரைக்கு வரும்போது இந்தக் கடிதம் புள்ளி கேட்கவில்லை, விளக்கம் கேட்கிறது. சில மாணவர்கள் “அப்படின்னா அது மறுமதிப்பீடு இல்லையே சார்” என்றார்கள். நியாயமான கேள்விதான். தந்தையிடம் காட்டக்கூடிய காரணம் இருந்தால் மறுமதிப்பீடே கேட்கலாம்: கேள்வி கேட்ட கருத்து ஒன்று இன்ன பத்தியில் இருக்கிறது, அதற்குப் புள்ளி விழவில்லை என்பதுபோல. அப்படிக் கேட்டால், புள்ளி குறைந்தாலும் ஏற்றுக்கொள்கிறேன் என்று ஒரு வரி சேர்ப்பது நேர்மை. வெறுமனே “குறைவாகத் தோன்றுகிறது” என்றால் விளக்கம் கேட்பதோடு நிறுத்திக்கொள்வதே நல்லது. இல்லாவிட்டால் பலவீனமான கோரிக்கை வலுவான இரண்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும். வரிசையும் அதனால்தான் அப்படி இருக்கிறது. 61 என்ற கணக்கைச் சரிபார்த்துத் தலையாட்டிய முதல்வர், அடுத்த பத்தியை நம்பிக்கையோடு படிப்பார்.

ஆசிரியர்களுக்கு ஒன்று. இந்தத் தலைப்பைக் கொடுக்கும்போது விடைத்தாளின் நிலவரத்தையும் சேர்த்துக் கொடுங்கள். எண்கள் இல்லாமல் “மறுமதிப்பீடு கோரிக் கடிதம் எழுதுக” என்று மட்டும் கேட்டால், பிள்ளைகள் வியர்வையையும் கருணையையும் தவிர வேறு எதைத்தான் எழுதுவார்கள்? கையில் ஒன்றும் இல்லாதவர் அதைத்தான் எழுத முடியும்.

எஸ்.பி.எம். மாணவர்களும் பெற்றோர்களும் இதை அப்படியே எடுத்துப் பயன்படுத்திவிடக் கூடாது. எஸ்.பி.எம். தாளைப் பள்ளி திருத்துவதில்லை. அதற்கான மறுஆய்வை, முடிவு வெளியான 30 நாளுக்குள் தேர்வு வாரியத்திடம் கட்டணத்தோடு விண்ணப்பிக்க வேண்டும். முதல்வருக்குக் கடிதம் எழுதிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தால், அந்த முப்பது நாளும் அப்படியே போய்விடும்.