தாழை பூத்த அன்னம்

சிறுபாணாற்றுப்படையில் பாணன் எயிற்பட்டினத்தை நெருங்கும் இடம் ஒன்று வருகிறது. ஓய்மாநாட்டு நல்லியக்கோடனின் ஊர்களில் ஒன்றான அந்தக் கடற்கரைப் பட்டினம்தான் இன்றைய மரக்காணம் என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. பாடியவர் நல்லூர் நத்தத்தனார். பக்கத்து இடைக்கழிநாட்டுக்காரர் என்பதால் அந்தக் கரையை வேடிக்கை பார்க்க வந்தவராக அவர் எழுதவில்லை. அங்கே நான்கு செடிகொடிகளைக் காட்டுகிறார். தாழை பூக்கிறது, ஆனால் அது பூப்பது மலரை அல்ல, அன்னத்தை. செருந்தி பொன்னோ என்று மயக்குகிறது. கழிமுள்ளி நீலமணியை உதிர்க்கிறது. புன்னை முத்தை வைக்கிறது. தாழைக்கும் புன்னைக்கும் ‘போல’ என்ற பொருளில் ஒரு சொல்கூட இல்லை. தாழைமடலின் வெண்மையும் வளைவும் அன்னத்தை நினைவூட்டுகின்றன என்றோ, புன்னையின் மொட்டு முத்தின் அளவில் இருக்கிறது என்றோ சொல்ல அவர் நிற்கவில்லை. ஒரே மூச்சில் நான்கையும் சொல்லிவிட்டு நுளையர் குடியிருப்புக்குள் போய்விடுகிறார்.

உள்ளே போனதும் வேறொன்று நடக்கிறது. அலை கொண்டுவந்து ஒதுக்கிய மணமரக் கட்டைகள் கரையில் கிடக்கின்றன. அந்த விறகை எரித்துத்தான் தேறல் ஆக்குகிறார்கள். அந்தக் கட்டைகள் ஒட்டகங்கள் படுத்து உறங்குவது போல இருந்தன என்கிறார் புலவர். இங்கே மட்டும் ‘அன்ன’ என்ற உவம உருபு வெளிப்படையாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. யாப்பின் தேவையும் இதற்குக் காரணமாக இருக்கலாம், மறுக்கவில்லை. ஆனாலும் அடுத்தடுத்து நிற்கும் இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஒரு கணக்குத் தெரிகிறது. வெள்ளைப் பூவிலிருந்து வெள்ளைப் பறவைக்கு வாசகன் தானாகவே போய்விடுவான். ஈரக் கட்டையிலிருந்து ஒட்டகத்துக்கு அவன் தானாகப் போகமாட்டான், அங்கே ஒரு பாலம் வேண்டும். பாலம் தேவைப்பட்ட இடத்திலும் புலவர் ஒரு சொல்தான் செலவழித்தார். ஒட்டகத்தின் திமில் கட்டையின் புடைப்பை ஒத்தது என்று பிரித்துக்காட்டவில்லை.

இன்றைய தமிழ்க் கட்டுரை இதற்கு நேர் எதிரான பழக்கத்தில் ஊறிக்கிடக்கிறது. உவமையைச் சொல்லி, அதன் பொருளைச் சொல்லி, அந்தப் பொருளிலிருந்து ஒரு நீதியையும் எடுத்துக் கொடுத்துவிட்டுத்தான் அடுத்த பத்திக்குப் போகிறோம். ‘அதாவது’, ‘வேறு விதமாகச் சொன்னால்’, ‘இது எதைக் காட்டுகிறது என்றால்’ ஆகியவை இந்தப் பழக்கத்தின் அடையாளங்கள். ‘என்றால் மிகையாகாது’ என்று முடியும் வாக்கியம் பெரும்பாலும் மிகையாகத்தான் இருக்கிறது. இந்த விளக்கங்களை வெட்ட வேண்டும் என்று பத்திரிகை ஆசிரியர்கள் சொல்வது சரிதான். ஆனால் அவர்கள் அதை இடம் மிச்சப்படுத்தும் வேலையாகவோ நடையழகாகவோ சொல்லிவிடுகிறார்கள். வெட்டிப் பார்த்தால் தெரியும் வேறொரு விஷயம்தான் முக்கியம் என்று எனக்குப் படுகிறது: தேவையற்ற விளக்கம் உட்கார்ந்திருக்கும் இடத்தில் பல நேரம் ஒரு தேவையான தகவல் காணாமல் போயிருக்கிறது.

மரக்காணம் உப்பளத்தைப் பற்றி ஒரு மாதிரிப் பத்தி எழுதிப் பார்ப்போம். “சித்திரைக் கடைசியில் கோடை மழை பிடித்துக்கொண்டது. வாராமல் விட்ட உப்பெல்லாம் பாத்தியிலேயே கரைந்துபோனது. அந்த உப்போடு அவர்களின் கனவும் கரைந்துபோனது. கரையில் கீற்றுப் போட்டு மூடியிருந்த அம்பாரம் மட்டும் போரில் தப்பிய கோட்டையைப் போல நின்றது. அதாவது, அவர்களிடம் மிஞ்சியது அது ஒன்றுதான். இயற்கையின் சீற்றத்துக்கு முன்னால் மனித உழைப்பு எவ்வளவு எளியது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.” ஆறு வாக்கியம். கடைசி வாக்கியத்தை இராமேசுவரத்துப் புயலுக்கும் ஒட்டலாம், தஞ்சாவூர் வெள்ளத்துக்கும் ஒட்டலாம். எங்கே வேண்டுமானாலும் ஒட்டும் வாக்கியம் எந்த இடத்துக்கும் சொந்தமில்லை, அதை அடித்துவிடலாம். ‘அதாவது’ வாக்கியம் சொல்வதை முந்தைய வாக்கியத்தின் ‘மட்டும்’ ஏற்கனவே சொல்லிவிட்டது, அதுவும் போகட்டும். கனவு கரைந்த வாக்கியமோ உப்புக் கரைந்த வாக்கியத்தின் நிழல். பாடுபட்டு விளைவித்தது கண்முன் கரைகிறது என்றால் அவர்கள் மனம் என்ன பாடுபடும் என்பதை வாசகன் உணரமாட்டான் என்று நினைப்பது அவனைக் குறைத்து எடைபோடுவது.

மிஞ்சிய மூன்று வாக்கியத்தையும் உப்பளம் பார்த்திராத கோயம்புத்தூர்க்காரர் ஒருவரிடம் கொடுத்தால் அவர் ஒன்று கேட்பார். உப்புதான் எங்கேயும் போகவில்லையே, பாத்தித் தண்ணீரில்தானே இருக்கிறது, நாலு நாள் வெயில் அடித்தால் மறுபடி விளையாதா? நியாயமான கேள்வி. ‘கனவு கரைந்தது’ என்ற வாக்கியம் இருந்தவரை இந்தக் கேள்வி எழவில்லை. துயரத்தைச் சொல்லிவிட்டதால் காரணத்தையும் சொல்லிவிட்டதுபோல ஒரு மயக்கத்தை அது உண்டாக்கியது. உண்மைக் காரணம் வேறு. ஒரு லிட்டர் கடல்நீரில் இருப்பது சுமார் 35 கிராம் உப்பு. அந்த நீர் பாத்தி பாத்தியாக நகர்ந்து, வெயிலில் சுண்டி, ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகக் குறுகிய பிறகுதான் சமையல் உப்பு படியத் தொடங்கும். மேலே மழைநீர் விழுந்தால் அத்தனை நாள் ஏறிய செறிவு இறங்கிவிடும். அதோடு மிதித்து இறுக்கி வைத்த களித்தரையும் இளகிச் சேறாகும். நீரை வடித்து, தரையைக் காயவிட்டு, மறுபடி மிதித்து இறுக்கி, புதிதாக நீர் பாய்ச்சித்தான் தொடங்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை வந்ததும் பருவமே முடிந்துவிடும் தொழிலில் அந்த நாட்களைத் திரும்பப் பெற முடியாது. ஆகவே கனவு வாக்கியம் இருந்த இடத்தில், “நீரை வடித்துத் தரையை மறுபடி மிதிக்க வேண்டும்” என்று ஒரு வாக்கியம் வைத்தால் போதும். கோட்டை உவமை வேண்டுமா வேண்டாமா என்பது எழுதுகிறவர் விருப்பம். என்னைக் கேட்டால், கீற்று மூடிய உப்பு அம்பாரம் கோட்டையாக வேண்டியதில்லை, அம்பாரமாகவே இருக்கட்டும்.

இப்படிப் பிரித்துப் பார்க்கும்போது வெட்டும் பழக்கத்தின் பலமும் பலவீனமும் ஒரே இடத்தில் தெரிகின்றன. வாசகனுக்குத் தெரியாதது பொருளா, செய்தியா என்று கேட்காமல் கத்தியை எடுத்தால் இரண்டும் சேர்ந்து போகும். உவமையின் பொருள் வாசகனுடைய வேலை, பாத்தியின் தரை எப்படி இளகுகிறது என்பது எழுதுகிறவனுடைய வேலை. முன்னதை விளக்கினால் அலுப்பு, பின்னதை விளக்காவிட்டால் இருட்டு. சுருக்கமே அழகு என்ற பெயரில் சிலர் எழுதும் கட்டுரைகள் இரண்டாவது வகை. அவற்றில் நீதி இருக்காது, அது நல்லதுதான். ஆனால் உப்பு எப்படி விளைகிறது என்பதும் இருக்காது.

மேடைத் தமிழில் வளர்ந்த நாம் மறுபடி மறுபடிச் சொல்லித்தான் பழகியிருக்கிறோம், அதில் என்ன தவறு என்று ஒருவர் கேட்கலாம். கதாகாலட்சேபத்திலும் பட்டிமன்றத்திலும் திரும்பச் சொல்வது தவறே அல்ல. காதில் விழுந்த வாக்கியத்தைக் கேட்கிறவர் திருப்பிப் பார்க்க முடியாது. பின்வரிசையில் குழந்தை அழுதிருக்கும், ஒலிபெருக்கி கொரகொரத்திருக்கும். பேச்சாளர் உவமையைச் சொல்லி, விரித்து, முடிச்சுப் போட்டுக் கொடுப்பது அந்த நிலைமைக்கு ஏற்ற நல்ல தொழில்நுட்பம். அச்சுப் பக்கத்தில் அந்த நிலைமை இல்லை. புரியாவிட்டால் வாசகர் கண்ணை இரண்டு வரி மேலே ஏற்றிக்கொள்வார். மேடையின் வழக்கத்தை அப்படியே தாளில் இறக்கும்போது, கைதட்டலுக்கு விட வேண்டிய இடைவெளிகளும் வாக்கியங்களாகப் பத்திக்குள் வந்துவிடுகின்றன.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. சங்கப் புலவருக்குத் திணைமரபு தெரிந்த அவையினர் வாய்த்தார்கள். நெய்தல் என்றால் இரங்கல் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உவமையை வெளிப்படச் சொல்லாமல் நிலத்தின் கருப்பொருளுக்குள் ஒளித்துவைப்பதை உள்ளுறை என்று தொல்காப்பியம் தனியாகவே வகுத்து வைத்தது. இன்றைய வாசகனுக்கு அந்தப் பயிற்சி இல்லையே? 1889-இல் உ.வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு பதிப்பித்திருக்காவிட்டால் தாழை பூத்த அன்னம் நம்மில் எத்தனை பேருக்குப் புரிந்திருக்கும்? இது உண்மை. ஆனால் அந்த உரை எங்கே இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். பாட்டுக்கு வெளியே, தனியாக இருக்கிறது. தேவைப்படுகிறவர் எடுத்துப் பார்க்கலாம், தேவைப்படாதவர் தாண்டிப் போகலாம். நூற்றாண்டுகள் கழித்து வந்த உரைகாரர் செய்ய வேண்டியதை எழுதுகிறவரே தன் வாக்கியத்துக்குள் செய்துகொண்டால், அவர் தன் காலத்து வாசகரையே நூற்றாண்டுகள் தள்ளி நிறுத்துகிறார் என்று பொருள். விளக்கம் கூடிப்போகும் ஆபத்து உரையாசிரியருக்கும் உண்டு. நச்சினார்க்கினியர் எங்கோ கிடந்த சொற்களைப் பிரித்தெடுத்து மாட்டிப் பொருள் சொன்ன முறையை மறைமலையடிகள் தம் முல்லைப்பாட்டு ஆராய்ச்சியில் கடுமையாகவே கண்டித்தார்.

ஆனாலும் வாசகனை நம்பி விடுவதற்கு ஒரு விலை இருக்கிறது, அதை மறைப்பது நேர்மையல்ல. ஐங்குறுநூற்றின் நெய்தற்பகுதியில் அம்மூவனார் பாடிய வெள்ளாங்குருகுப் பத்து என்று பத்துப் பாடல்கள் உண்டு. பத்தும் ஒரே காட்சியில் தொடங்குகின்றன: ஒரு குருகின் குஞ்சைப் பார்க்கப் போகிறது ஒரு நாரை. எதற்காகப் போகிறது? ‘செத்தென’ என்ற சொல்லில்தான் விடை இருக்கிறது, சிக்கலும் இருக்கிறது. ‘செத்து’ என்பதற்கு ‘இறந்து’ என்றும் பொருள் கொள்ளலாம், ‘ஒத்து’ என்றும் கொள்ளலாம். முதற்பொருளில் அது துக்கம் விசாரிக்கப் போகிறது, இரண்டாவதில் தன் குஞ்சு போலிருக்கிறதே என்று மயங்கிப் போகிறது. உரைகள் இரண்டு வழியாகவும் போயிருக்கின்றன. எந்த வழியில் போகிறோமோ அதற்கேற்பத் தலைவன் தலைவி கதையும் மாறிவிடுகிறது. இதை வைத்து அம்மூவனார் பொருளை விளக்கியிருக்க வேண்டும் என்று சொல்ல மாட்டேன். அவர் காலத்து அவைக்கு அந்தச் சொல் தெளிவாகவே இருந்திருக்கலாம். ஆனால் இடர் எங்கே என்பது தெளிவு. விளக்கம் இல்லாததால் வந்த இடர் அல்ல, ஒரு சொல் இரண்டு பக்கமும் கால்வைத்து நின்றதால் வந்தது. விளக்க வாக்கியங்களை வெட்டிய பிறகு மிஞ்சும் சொற்களுக்குச் சுமை கூடுகிறது, முன்பு தாங்கிப்பிடித்த வாக்கியங்கள் இப்போது இல்லை. அதனால் வெட்டிய கையோடு பிரதியை இன்னொரு முறை, சொல் சொல்லாக, படித்தாக வேண்டும். நம் மாதிரிப் பத்தியிலேயே ‘கரைந்துபோனது’ என்று முடிந்த இரண்டு வாக்கியத்துக்கு அடுத்ததாகக் ‘கரையில்’ என்று தொடங்குகிறது. கனவு வாக்கியம் போன பிறகும் அது காதில் இடறும். அதை ‘மேட்டில்’ என்று மாற்றிவிடலாம்.