பந்தை உதைத்த நொடியில்

பள்ளி மைதானங்களில் கோட்டோரம் நின்று கால்பந்து பார்ப்பது எனக்குப் பழைய வழக்கம். போன சனிக்கிழமை பக்கத்தில் ஓர் அம்மா நின்றிருந்தார், கையில் மகனின் தண்ணீர் பாட்டில். பதினொன்றாம் நம்பர் அவர் பையன். நடுவிலிருந்து வந்த பாஸை அவன் விரட்டிப் பிடித்து, கீப்பரைத் தாண்டி வலைக்குள் தட்டிவிட்டான். அம்மா கைதட்டி முடிப்பதற்குள் லைன்ஸ்மேனின் கொடி மேலே போயிருந்தது. விசில்.

"ஏன் சார் கோல் குடுக்கல? பந்து அவன்கிட்ட வந்தப்போ பக்கத்துலயே ரெண்டு பசங்க இருந்தாங்களே!"

"வந்தப்போ இருந்தாங்கம்மா. உதைச்சப்போ இல்ல."

ஆஃப்சைடின் முடிச்சு முழுக்க இதில்தான் இருக்கிறது. நம் கண் பந்தோடு ஓடுகிறது. விதியோ பாஸ் கொடுத்தவனின் கால் பந்தைத் தொட்ட நொடியிலேயே நின்றுவிடுகிறது. அந்த நொடியில், எதிரணியின் பாதியில், பந்துக்கும் எதிரணியின் கடைசிக்கு முந்தைய ஆளுக்கும் அப்பால் தலையோ உடம்போ காலோ நீட்டிக்கொண்டிருந்தால் அது ஆஃப்சைடு இடம். கை கணக்கில்லை. கடைசி ஆள் பெரும்பாலும் கீப்பர்தான் என்பதால், அவருக்கு முன்னால் நிற்கும் டிஃபெண்டர்தான் நடமாடும் கோடு. பையன் அவரைவிட ஓரடி முன்னால் நின்றான். பந்து காற்றில் வந்த நேரத்தில் டிஃபெண்டர்கள் ஓடிவந்து அவனைப் பிடித்துவிட்டார்கள். அம்மா பார்த்தது அதை.

அங்கே நிற்பது மட்டும் தப்பில்லை. அங்கிருந்து ஆட்டத்தில் தலையிட்டால்தான் கொடி. கார்னர், த்ரோ, கோல் கிக் இவற்றிலிருந்து நேராக வரும் பந்துக்கு ஆஃப்சைடே கிடையாது.

எனக்கு எப்போதும் லைன்ஸ்மேனைப் பார்க்கப் பிடிக்கும். கடைசி டிஃபெண்டருக்கு நேராக, நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே இருப்பார். பாஸ் புறப்படும் இடம் முப்பது மீட்டர் தள்ளி. இரண்டு இடத்தையும் ஒரே கண்ணால் பிடிக்க முடியாது. அதனால் தேர்ந்தவர்கள் கண்ணைக் கோட்டில் வைத்துவிட்டு, உதைக்கும் சத்தத்தைக் காதில் வாங்குகிறார்கள். நொடிக்கு ஆறு மீட்டர் ஓடும் பையன், நொடியின் பத்தில் ஒரு பங்கில் அறுபது சென்டிமீட்டர் போய்விடுவான். டிஃபெண்டர் எதிர்த்திசையில் ஏறி வந்தால் இடைவெளி இன்னும் கூடும். இவ்வளவுக்கும் நடுவே எடுக்கிற முடிவு அது. அன்று விசில் அடித்ததும் லைன்ஸ்மேன் கொடியைக் கிடையாக நீட்டினார்: ஆஃப்சைடு மைதானத்தின் அகலத்தில் நடுவே என்று பொருள். அந்தப் பக்கம் என்றால் சாய்வாக மேலே, இந்தப் பக்கம் என்றால் கீழே.

பையனுக்குத் தாங்கவில்லை. ஃப்ரீ கிக்குக்காகக் கிடந்த பந்தை வேலிப் பக்கம் ஓங்கி உதைத்தான். ரெஃப்ரி சட்டைப் பையிலிருந்து மஞ்சள் அட்டையை எடுத்தார்.

"ஆஃப்சைடு போனதுக்கு மஞ்சளா?"

"இல்லம்மா. அதுக்கு ஃப்ரீ கிக் மட்டும்தான். இது பந்தை உதைச்சு ஆட்டத்தைத் தாமதப்படுத்துனதுக்கு. இன்னொன்னு வாங்குனா சிவப்பு. வெளியே போகணும், பதிலுக்கு வேற ஆளும் இறங்க முடியாது."

அந்த அட்டைக்கு ஒரு கதை உண்டு. 1966 உலகக் கோப்பைக் காலிறுதியில், இங்கிலாந்துக்கு எதிராக ஆடிய அர்ஜென்டினா கேப்டன் ராட்டினை ஜெர்மானிய ரெஃப்ரி வெளியேற்றினார். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. ராட்டின் பல நிமிடங்கள் நகரவே இல்லை. ரெஃப்ரிகளுக்குப் பொறுப்பாக இருந்த கென் ஆஸ்டன், அந்தக் குழப்பத்தை யோசித்தபடி லண்டனில் காரோட்டிப் போகையில் சிக்னலில் நின்றார். மஞ்சள், சிவப்பு. 1970 மெக்சிகோ உலகக் கோப்பையில் அட்டைகள் வந்துவிட்டன.

இரண்டாம் பாதியில் பையன் மாறியிருந்தான். டிஃபெண்டரின் தோளுக்கு நேராகவே நின்றான். 1990 முதல் சமமாக நின்றால் ஆஃப்சைடில்லை. ஆனால் நின்ற இடத்திலிருந்து கிளம்பினால் வேகம் வராது. அதனால் கோட்டுக்குக் குறுக்கே, வில்லாக வளைந்து ஓடத் தொடங்கினான், கண் மட்டும் பாஸ் கொடுப்பவன்மேல். கொடுப்பவனின் தலை குனிந்தது, கால் பின்னே போனது. பந்தில் கால் பட்ட 'டொப்' சத்தமும் பையன் உள்ளே திரும்பியதும் ஒன்றாக நடந்தன. எனக்கு அதுவே போதும். இந்த ஓட்டத்துக்காகத்தான் வெயிலில் வந்து நிற்கிறேன்.

அவன் அடித்தது கம்பத்துக்கு வெளியே போய்விட்டது. சுற்றிலும் எல்லோரும் "அடச்சே!" என்றார்கள். அம்மா பந்தைப் பார்க்கவே இல்லை, லைன்ஸ்மேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொடி தூக்கல சார்" என்று சொல்லிக் கைதட்டினார்.