சனியும் நளனும்: ஏழரையாண்டில் இழக்கப்படும் ‘தான்’

மட்டக்களப்புக்கு வடக்கே கடலோரத்தில் உள்ள கதிரவெளியிலும், ஈழத்தின் ஏனைய தமிழூர்களிலும், ஆலயத்தில் அர்ச்சனை செய்விப்போர் பெயரோடு நட்சத்திரத்தையும் சொல்வது வழக்கம். அந்நட்சத்திரம் பிறந்தபோது சந்திரன் நின்ற இடமேயாகும். ஒருவரை இன்னாரென இறைவன் முன் நிறுத்தும் அடையாளமாகச் சந்திரனே கொள்ளப்படுவதால், அச்சந்திரனைச் சனி நெருங்குங்காலம் ‘தான்’ என்னும் உணர்வுக்கே நேரும் இடையூறாகக் கருதப்பட்டமை வியப்பன்று.

சனி இராசிமண்டலத்தை ஏறத்தாழ 29½ ஆண்டிற் சுற்றுகிறது. பிறப்புச் சந்திரனுக்குப் பன்னிரண்டு, ஒன்று, இரண்டு ஆகிய மூன்று இராசிகளை அது கடக்கும் காலமே ஏழரைச்சனி. நான்காமிடம் அர்த்தாஷ்டமம், ஏழாமிடம் கண்டகம், எட்டாமிடம் அட்டமம் எனப்படும். மேனாட்டுச் சோதிடர் பாகைக்கணக்கில் 0, 90, 180 ஆகியவற்றைக் கடுமையான நோக்குகளென்பர். நம்மவர் கணக்கு இதனோடு முற்றும் ஒவ்வாது. சனிக்கு மூன்று, ஏழு, பத்தாம் பார்வைகள் உண்டென்பது நம் நூல்வழக்கு. நான்கிலுள்ள சனி பத்தாம் பார்வையாலும், ஏழிலுள்ள சனி ஏழாம் பார்வையாலும் சந்திரனை நோக்குகின்றது. எட்டிலுள்ள சனிக்கோ சந்திரன் ஆறாமிடமாதலின் பார்வையே இல்லை. மிகவும் அஞ்சப்படும் அட்டமச்சனியின் அச்சம், நோக்கினால் அன்றி எண்ணினால் வந்தது என்பது இதனாற் பெறப்படும்.

இவ்வச்சத்துக்கு உருவங் கொடுத்த கதை நளனுடையது. சனி நளனைப் பீடித்தானென்றும் திருநள்ளாற்றில் நீங்கினானென்றும் மக்கள் கூறுவர். ஆனால் பாரதத்திலும் புகழேந்தியின் நளவெண்பாவிலும் நளனைப் பற்றியவன் கலியேயன்றிச் சனியல்லன். பன்னிரண்டாண்டு காத்திருந்து, கால் கழுவியதில் நேர்ந்த சிறு குறையொன்றை வாயிலாகக் கொண்டு அவன் உட்புகுகின்றான். கலியின் இடத்திற் சனியை வைத்துக் கதையைச் சோதிடத்தோடு பிணைத்தது பிற்கால மக்கள் மனம். அப்பிணைப்பு பொருத்தமற்றதென்று தள்ளத்தக்கதுமன்று. சூதில் நாடு போகின்றது. காட்டில் துணைவியை அவனே பிரிகின்றான். கார்க்கோடகன் தீண்ட உருவமும் மாறுகின்றது. வாகுகன் என்னும் பெயரோடு அயோத்தி மன்னனிடம் தேரோட்டியாகவும் மடையனாகவும் அமைகின்றான். பதவி, உறவு, வடிவம், பெயர் என்பன ஒன்றன்பின் ஒன்றாகக் கழிய, தேர்த்திறமும் அடுதற்றிறமும் மட்டும் எஞ்சுகின்றன. அவ்வெஞ்சியவற்றைக் கொண்டே தமயந்தி அவனை இனங்காண்கிறாள். ஏழரைச்சனி பற்றிய உரைகளிற் பல இழப்பைப் பட்டியலிடுவதோடு நின்றுவிடும். எஞ்சுவது யாதென்று வினவுவதிற் கதையே அவற்றினும் ஆழமானது.

மேனாட்டில் டேன் ரூட்யர் 1936இல் வெளியிட்ட ‘ஆளுமையின் சோதிடம்’ முதலாக, வருவதுரைத்தலினின்று உள்ளத்தின் வளர்ச்சிக்குச் சோதிடம் திரும்பியது. 1781, 1846, 1930 ஆகிய ஆண்டுகளிற் கண்டறியப்பட்ட யுரேனசு, நெப்டியூன், புளூட்டோ என்பனவும் ஞாயிற்றோடும் திங்களோடும் வைத்து எண்ணப்பட்டன. அவற்றின் சுற்றுக்காலம் முறையே ஏறக்குறைய 84, 165, 248 ஆண்டு. ஆகவே புளூட்டோ பிறப்புச் சூரியனை ஒருமுறை கூட அடையாமற் பலர் வாழ்நாள் முடியும். நம்மவர் கோசாரத்திற் சூரியனைவிடச் சந்திரனையே முதன்மையாக எண்ணுகின்றனர். சூரியன் ஆன்மகாரகனும் பிதிர்காரகனுமாதலின், சனி சூரியனோடு கூடிய பிறப்பைத் தந்தைக்கும் மகனுக்கும் இடையிலான பூசலாக உரைப்பர். சனியே சூரியன் மைந்தன் என்ற புராணம் அவ்வுரைக்கு உதவிற்று.

கணக்கின் நுட்பம் ஓர் எடுத்துக்காட்டால் விளங்கும். கும்பத்திற் பத்தாம் பாகையில் சந்திரன் நிற்கச் சதய நட்சத்திரத்திற் பிறந்த ஒருவரைக் கொள்க. திருக்கணிதப்படி சனி அப்பாகையை 2023 ஏப்ரலில் நேர்கதியிலும், ஆகஸ்டில் வக்கிரத்திலும், 2024 ஜனவரியில் மீண்டும் நேர்கதியிலுமாக மும்முறை கடந்தது. வாக்கியக் கணிதத்தின்படியோ சனி கும்பத்தினுட் புகுந்ததே 2023 டிசம்பர் 20இல். அந்நாளிலேயே திருநள்ளாற்றில் சனிப்பெயர்ச்சி விழாவும் நிகழ்ந்தது. எனவே 2023 ஏப்ரலில் இவர் ஒரு பஞ்சாங்கத்தில் ஜன்மச்சனியினர். மற்றதில் இன்னும் விரயச்சனியினர். ஒரே ஆண்டின் துயரை ஒருவர் தம் இயல்பு உடைந்ததாகவும் மற்றவர் பொருள் கரைந்ததாகவும் விளக்க இடமுண்டு. இரண்டு பஞ்சாங்கமும் ஈழத்தில் வழங்குவதால், தாம் எதைப் பின்பற்றுகின்றார் என்பதைப் பலன் கேட்போர் முதலில் அறிதல் வேண்டும்.

வேறொரு தடையும் உண்டு. எந்நாளிலும் பன்னிரண்டு இராசிகளில் மூன்று ஏழரைச்சனியில் இருக்கும். நான்கும் எட்டும் சேரின் ஐந்தாகும். இன்னல் உற்றோரிற் பெருந்தொகையினரை இவ்வலையில் அகப்படுத்துவது எளிது. அகப்படாதோரின் இன்னலை எவரும் கணக்கில் எழுதுவதில்லை. உற்ற துயரைத் தசாபுத்தியாற் பின்னர் விளக்கிவிடலாம் என்பது சோதிடர் மறுமொழி. அதற்கு முன்னரே, நிகழுமுன் எழுதிவைத்த பலனைப் பிறகு ஒப்புநோக்கும் வழக்கம் நம்மிடையே அருகியே காணப்படுகின்றது.