மரமும் அதன் இலைகளும்: சிகிச்சை விளைவைப் பகுக்கும் ஒரு முறை பற்றிய மதிப்பீடு

1988ஆம் ஆண்டு 'லான்செட்' என்னும் மருத்துவ இதழில் ஐசிஸ்-2 என்ற பேராய்வின் முடிவு வெளிவந்தது. மாரடைப்பென ஐயுறப்பட்டு வைத்தியசாலை சேர்ந்த 17,187 பேருள் எழுமாறாக ஒரு பாதியினருக்கு அஸ்பிரினும், மறுபாதியினருக்கு மருந்தற்ற போலி மாத்திரையும் கொடுக்கப்பட்டன. ஐந்து வாரத்துள் இதய, குருதிக்கலன் நோயால் இறந்தோர் முன்னவருள் நூற்றுக்கு 9.4; பின்னவருள் 11.8. மருந்தின் பயன் தெளிவு. எனினும் ஆசிரியர்கள் நோயாளரைப் பிறந்த இராசிப்படியும் பிரித்துக் காட்டினர். (மேனாட்டு வழக்கில் இராசி என்பது ஞாயிறு நிற்பது, நம்மவர் கொள்ளுஞ் சந்திரராசி அன்று.) மிதுனத்திலும் துலாத்திலும் பிறந்தோருக்கு அஸ்பிரின் சற்றே தீங்கு செய்தது போலத் தோன்றிற்று: அஸ்பிரின் பெற்றவருள் 11.1, பெறாதவருள் 10.2. சோதிடத்தை நிலைநாட்ட அவர்கள் இதனைச் செய்தாரல்லர். உட்குழுக்களைத் தேடுவோர் எதனையுங் காண்பர் என எச்சரிக்கவே செய்தனர்.

இன்று இத்தேடலைக் கணினி மேற்கொள்கிறது. 'மரம்' எனப்படும் முறையில், வயது, பால், முன்னை நோய் முதலியவற்றுள் எதனாற் பிரித்தால் இரு கூறுகளிலும் மருந்தின் விளைவு மிக வேறுபடுமோ அதனாற் பிரிப்பர்; ஒவ்வொரு கூற்றையும் மீண்டும் அவ்வாறே பிரிப்பர். இறுதிக் கூறுகள் இலைகள். பன்னிரண்டு இராசிகளை இரு கூறாக்க மாத்திரம் 2,047 வழிகள் உள. அவற்றுட் பெரிய வேறுபாட்டைத் தெரிந்தெடுத்து, அதே நோயாளரைக் கொண்டே அதன் அளவையுங் கூறின், அவ்வளவு மிகைப்பட்டே தீரும். தவணைப் பரீட்சையில் முதலிடம் பெற்றவனின் புள்ளி அடுத்த தவணையில் இறங்குவதை ஆசிரியர் பலரும் கண்டிருப்பர். அவ்விடத்துக்கு அவனைக் கொணர்ந்ததில் நற்பேற்றுக்கும் பங்குண்டு.

2016இல் சூசன் ஏதி, கைடோ இம்பென்ஸ் என்னும் பொருளியலறிஞர் இருவர் இதற்குக் கூறிய பரிகாரம் எளியது. தரவை எழுமாறாக இரண்டாக்கி, ஒரு பாதியால் மரத்தை வளர்த்து, மறுபாதியால் இலைகளின் விளைவை அளத்தல் வேண்டும். இதனை அவர்கள் 'நேர்மை' என்றனர். பெயர் பொருத்தமே, ஆயினும் அது தரும் உறுதி எத்துணை?

ஐசிஸ்-2இன் முதற்பாதியில் மரம் அவ்விரு இராசிகளையே பிரித்ததெனக் கொள்வோம். மறுபாதியில் அவ்விராசியினர் ஏறக்குறைய 1,400 பேர். மருந்து பெற்றவரும் பெறாதவரும் எழுநூற்றுவர் வீதம். இறப்பு நூற்றுக்குப் பதினொன்றாயின், வேறுபாட்டின் நியம வழு 1.7 அளவினது, நூற்றுக்கு 95 நம்பிக்கை ஆயிடை இருபுறமும் 3.3 வரை விரியும். வேறுபாடு சுழியமென வரினும், 2.4 என்னும் பொதுப்பயனும் அதே அளவு தீங்கும் அந்த ஆயிடையுள் அடங்கும். பொய்யான எண் நீங்கிற்று. ஆனால் மிதுன, துலா இராசியினருக்கு அஸ்பிரின் கொடுக்கலாமா என்ற வினாவுக்கு அந்த இலை விடை தரவில்லை.

வேறொரு குறையும் உண்டு. நேர்மை ஒவ்வோர் இலையின் மதிப்பீட்டையுமே காக்கும். பத்து இலைகளையும் அளந்தபின் வியப்பானதொன்றை மாத்திரம் எடுத்துரைப்பவனிடம், துரத்திய பிழை பின்கதவால் நுழைகிறது. கிளையின் உண்மையை ஐயுறுவோர் தரவை வேறொரு முறை எழுமாறாகப் பிரித்து மரத்தை மீள வளர்த்தல் வேண்டும். முதலில் இராசியாற் பிரிந்த மரம் அடுத்த முறை வயதாலும், பின்னர் பாலாலும் பிரியுமாயின், முதற்கிளையைக் கண்டு நோயாளருக்கு மருந்தை மறுத்தல் தகாது.