கல்லாவில் இருப்பவர் கையில் விலைப்பட்டியல்

மேசைக்கு மேசை கியூஆர் அட்டை ஒட்டிய ஒரு டிபன் கடையை எடுத்துக்கொள்வோம். அட்டையை ஸ்கேன் செய்தால் அறுபது ஐட்டங்கள் கொண்ட மெனு போனில் திறக்கும், அதிலேயே ஆர்டரும் கொடுக்கலாம். தளத்தை உருவாக்கிக் கொடுத்தவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். பால் விலை ஏறி, காபி பதினைந்திலிருந்து பதினெட்டு ரூபாய் ஆனதும் போன் பட்டியலும் பில்லும் ஒத்துப்போகாமல் வாடிக்கையாளர் சண்டைக்கு வருகிறார். இதற்குத் தீர்வாகத்தான் கடைக்காரரே திருத்திக்கொள்ளும்படி ஒரு சின்ன அட்மின் பேனல் கட்டிக் கொடுக்கும் வழக்கம் வந்தது. வழக்கம் சரியானதுதான். ஆனால் பெரும்பாலான பேனல்கள் கடையின் நாளைப் பார்த்துக் கட்டப்படுவதில்லை, டேட்டாபேஸைப் பார்த்துக் கட்டப்படுகின்றன. பின்னால் வரும் குறைகளில் பாதிக்கு மேல் இங்கிருந்தே தொடங்குகின்றன.

டேபிள்களை அப்படியே திரையில் காட்டித் திருத்த வைக்கும் முறைக்கு நல்ல பூர்விகம் உண்டு. பைத்தான் உலகில் புகழ்பெற்ற ஜாங்கோ, அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் லாரன்ஸ் நகரத்துப் பத்திரிகை அலுவலகம் ஒன்றில் 2003-இல் உருவாகி 2005-இல் பொதுவெளிக்கு வந்தது. நிருபர்களும் ஆசிரியர்களும் நிரலாளரை எதிர்பார்க்காமல் தளத்தில் செய்தி ஏற்றவே அதன் அட்மின் பகுதி பிறந்தது. டேபிளை விவரித்தால் போதும், திருத்தும் திரை தானாக வந்துவிடும். ஒரே நாளில் கடைக்கும் பேனல் தயார் என்பது இதன் உண்மையான பலம். ஆனால் அது மேசையில் அமர்ந்து, பெரிய திரையில், படிவம் நிரப்பியே பழகிய ஆட்களுக்காக வந்த திரை. நிறுவனத்துக்குள் பயன்படும் கருவியாக மட்டும் அதை வைத்துக்கொள்ளும்படி ஜாங்கோவின் ஆவணமே சொல்கிறது. கல்லாவில் ஒரு கையால் சில்லறை கொடுத்துக்கொண்டே மறு கையில் போனைப் பிடித்திருப்பவர் அந்த ஆள் இல்லை.

அவர் எதை எத்தனை முறை மாற்றுகிறார் என்று கடையில் ஒரு நாள் நின்று பார்த்தால் பேனலின் வடிவம் தெரிந்துவிடும். ஐட்டத்தின் பெயர் மாறுவதே இல்லை. விலை வருடத்துக்கு இரண்டு மூன்று முறை மாறும். ஆஃபர் பண்டிகைக்கு வரும். “பொங்கல் முடிஞ்சிருச்சு, வடை இன்னும் பத்து நிமிஷம்” என்று உள்ளேயிருந்து மாஸ்டர் குரல் கொடுப்பது மட்டும் தினமும் பலமுறை. ஆகவே முதல் திரையில் இருக்க வேண்டியது ஐட்டங்களின் பட்டியலும் ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு பெரிய பொத்தானும்தான். ஒரு ஐட்டத்தைத் தேடி, திறந்து, பத்து கட்டங்களைத் தாண்டிக் கீழே போய் ஒரு டிக்கை எடுத்து, ‘சேமி’யை அழுத்த வேண்டும் என்றால் கூட்ட நேரத்தில் யாரும் செய்ய மாட்டார்கள். தீர்ந்துபோன பொங்கலுக்கு ஆர்டர் வந்துகொண்டே இருக்கும்.

இந்தப் பொத்தானுக்குள் இன்னொரு பிழை ஒளிந்திருக்கிறது. டேபிளில் ‘இருக்கிறது’, ‘இல்லை’ என்ற இரண்டே நிலைகளை வைப்பது நிரலாளரின் இயல்பு. கடையிலோ ‘இல்லை’ என்பது இரண்டு வகை: இன்றைக்கு முடிந்தது, இனிமேல் போடுவதில்லை. இரண்டையும் ஒரே இடத்தில் பதிந்தால், நேற்று இரவு தீர்ந்த இடியாப்பம் இன்று காலையும் பட்டியலில் வராது. தப்பான விலையைக் காட்டினால் வாடிக்கையாளர் சொல்லிவிடுவார். பட்டியலிலேயே இல்லாத ஐட்டத்தைப் பற்றி யாரும் புகார் சொல்வதில்லை. இடியாப்பம் ஏன் விற்கவில்லை என்று முதலாளி பத்து நாள் கழித்து யோசிப்பார். இதற்கு மருந்து எளியது. ஆம், இல்லை என்று பதியாமல், எதுவரை இல்லை என்ற நேரத்தை sold_out_until என்ற இடத்தில் பதிய வேண்டும். பொத்தானை அழுத்தினால் மறுநாள் கடை திறக்கும் நேரம் தானாக அங்கே உட்காரும், காலையில் ஐட்டம் தானாகத் திரும்பி வரும். நிரந்தரமாக எடுப்பது வேறு திரையில், வேறு பொத்தானில் இருக்கட்டும். அதுவும் அழிப்பாக இருக்கக்கூடாது, மறைப்பாகவே இருக்க வேண்டும். பழைய ஆர்டர்கள் அந்த ஐட்டத்தைச் சுட்டிக்கொண்டு நிற்கின்றன. அடியோடு அழித்தால் ஒன்று டேபிள் மறுக்கும், இல்லையென்றால் போன மாதக் கணக்கில் பெயரில்லாத வரிகள் வரும்.

விலைக்கு நேர்மாறான குணம் தேவை. அடிக்கடி மாறாதது, தவறினால் பணம் போவது, எனவே கொஞ்சம் தடங்கலோடு இருப்பதே நல்லது. 65 என்று அடிக்கப் போய் 6-ஓடு கை நின்றுவிட்டால் தோசை ஆறு ரூபாய்க்குப் போகும். பழைய விலை, புதிய விலை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டி ஒருமுறை கேட்டுவிட்டுச் சேமிப்பது இங்கே தொந்தரவு ஆகாது. ஒவ்வொரு ஆர்டரும் அன்றைய விலையைத் தனக்குள் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். அப்படிச் செய்யாமல் மெனு டேபிளிலிருந்து விலையை எடுத்தால், இன்று காபி பதினெட்டு ஆனவுடன் போன மாத விற்பனையும் பதினெட்டாகக் கூடிவிடும். யார், எப்போது, எதிலிருந்து எதற்கு மாற்றினார் என்ற பதிவும் வேண்டும். கல்லாவில் மூன்று பேர் மாறி மாறி உட்காரும் கடையில் ஒரே கடவுச்சொல்லை எல்லாரும் வைத்திருந்தால் அந்தப் பதிவுக்குப் பொருளில்லை. கேஷியருக்குத் தீர்ந்தது பொத்தான், முதலாளிக்கு விலை என்று பிரிப்பதோடு, அந்தப் பிரிவைச் சர்வரிலும் சரிபார்க்க வேண்டும். பொத்தானைத் திரையில் மறைத்தால் மட்டும் கதவு பூட்டியதாகாது.

பேனல்கள் மிக மோசமாகத் தடுமாறும் இடம் ஆஃபர். பொங்கலை ஒட்டி 2026 ஜனவரி 15 முதல் 17 வரை மீல்ஸுக்கு விலைக் குறைப்பு என்று முதலாளி தேதிகளைத் தேர்ந்தெடுக்கிறார். பேனல் அவற்றை 15-ஆம் தேதி 00:00, 17-ஆம் தேதி 00:00 என்று உலகப் பொதுநேரத்தில் பதிகிறது. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால் இருப்பதால் ஆஃபர் 15-ஆம் தேதி அதிகாலை 5:30-க்குத் தொடங்கி 17-ஆம் தேதி அதிகாலை 5:30-க்கு முடிந்துவிடும். கடை ஆறு மணிக்குத்தான் திறக்கிறது என்பதால் தொடக்கத்தில் இருந்த பிழை யார் கண்ணிலும் படாது. இரண்டு நாள் எல்லாம் சரியாகவே நடக்கும். மூன்றாம் நாள், காணும் பொங்கல் கூட்டத்தில், போஸ்டரில் ஒரு விலையும் போனில் இன்னொரு விலையும் இருக்கும்.

‘17 வரை’ என்று கடைக்காரர் சொன்னால் 17 முழுவதும் என்றே பொருள். அதைக் கணினிக்குச் சொல்லும் சரியான வழி, 18-ஆம் தேதி நள்ளிரவுக்கு முன் என்பது.

```sql
-- starts_at = '2026-01-15 00:00+05:30'
-- ends_at   = '2026-01-18 00:00+05:30'
WHERE starts_at <= now() AND now() < ends_at
```

இதை முதலாளி கற்க வேண்டியதில்லை. அவர் 15, 17 என்றே தேர்ந்தெடுக்கட்டும், ஒரு நாளைக் கூட்டுவதும் நேரத்தை மாற்றுவதும் பேனலின் வேலை. சேமித்ததும் “வியாழன் காலை முதல் சனி இரவு வரை” என்று எழுத்தில் காட்டினால் தப்பான தேதி அங்கேயே பிடிபடும். சனிக்கிழமை மதியம் ஒரு மணிக்கு மெனு எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே பார்க்க ஒரு பொத்தான் இருந்தால் இன்னும் நல்லது. அதை வைத்த பேனல்களை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன்.

சதவீதத் தள்ளுபடியைப் பற்றியும் எனக்கு உறுதியான கருத்து உண்டு: சின்னக் கடைக்கு அது வேண்டாம். 65 ரூபாயில் பத்து சதவீதம் போனால் 58.50 வருகிறது. ஐம்பது காசுக்கு என்ன செய்வது? இரண்டு ஆஃபர் ஒரே ஐட்டத்தில் விழுந்தால் எது முதலில் கழியும்? இதற்கெல்லாம் விதி எழுதத் தொடங்கினால் பேனல் பெருத்துக்கொண்டே போகும், விதிகள் முதலாளிக்குப் புரியாது. ‘ஆஃபர் விலை’ என்ற ஒரே கட்டத்தில் அவரே 58 என்றோ 60 என்றோ எழுதட்டும். அவர் மனதில் கணக்கு அப்படித்தான் இருக்கிறது. ஒரே ஐட்டத்துக்கு அதே நாட்களில் இன்னொரு ஆஃபர் இருந்தால் சேமிக்கும்போதே தடுத்துச் சொல்லிவிடலாம். ‘இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்’ போன்றவற்றைப் பேனர் வரியாக எழுதிவிட்டு, கழிவைக் கல்லாவில் கையால் போடுவது போதும்.

எல்லாம் சரியாக இருந்தும் முதலாளிக்குப் பேனல்மீது நம்பிக்கை போய்விடும் ஒரு சூழல் உண்டு. விலையை மாற்றிச் சேமிக்கிறார், மெனுவைத் திறந்தால் பழைய விலையே நிற்கிறது. பக்கம் வேகமாகத் திறப்பதற்காகச் சேர்த்து வைத்த பழைய பிரதி, அதாவது கேஷ், இன்னும் கலையவில்லை. அவருக்கு அது தெரியாது, மறுபடி மறுபடி சேமிப்பார், பிறகு விட்டுவிடுவார். இது நடக்கிறதா என்பதை மாற்றப் பதிவே காட்டிக்கொடுக்கும்: ஒரே ஐட்டம், ஒரே விலை, ஒரு நிமிடத்துக்குள் மூன்று நான்கு முறை சேமிக்கப்பட்டிருக்கும். சேமிப்பதோடு அந்தப் பிரதியையும் கலைத்துவிட்டு, கடைசியாக மாறிய நேரத்தை மெனுவின் அடியில் காட்டினால் இந்தச் சிக்கல் தீரும்.

நிரலாளர் இல்லாமலே கடைக்காரர் திருத்திக்கொள்ளலாம் என்ற வாக்குறுதியில் உள்ள குறையை மட்டும் எந்தப் பேனலும் தானாகத் தீர்க்காது. கடைக்கு விலைப்பட்டியல் ஒன்றுதான் என்று நினைத்து அதைக் கட்டுகிறோம். உண்மையில் பில் போடும் மென்பொருளில் ஒன்று, ஸ்விக்கியில் ஒன்று, சொமேட்டோவில் ஒன்று, சுவரில் பெயின்ட்டில் ஒன்று. பேனல் வந்தபின் மாற்ற வேண்டிய இடம் ஒன்று கூடிவிடுகிறது. பில் மென்பொருளிலிருந்து விலையை எடுக்க வழியிருந்தால் அதையே மூலமாக வைத்து, பேனலில் விலைக் கட்டத்தையே நீக்கிவிடுவது நல்லது. தீர்ந்தது பொத்தானும் ஆஃபரும் மட்டும் மிஞ்சும், பேனலும் சிறியதாக இருக்கும். மென்பொருளின் பாதுகாப்புப் புதுப்பிப்புகளுக்கும் ஆள் வேண்டும். ஆண்டுக்கு எத்தனை மணி நேரம், யார், என்ன கூலிக்கு என்பதைக் கட்டும் நாளிலேயே பேசி எழுதிக்கொள்ளாத பேனல்கள்தான் கைவிடப்படுகின்றன.

போனில் ஆர்டர் எடுக்காமல் மெனுவை மட்டும் காட்டும் கடையென்றால் கணக்கே வேறு. அங்கே விலையை ஒரு கூகுள் ஷீட்டில் வைத்து, தளம் அதிலிருந்து படித்துக்கொண்டால் போதும். கடைக்காரருக்கு ஷீட் ஏற்கெனவே பழக்கம், யார் மாற்றினார் என்ற வரலாறும் அதிலேயே கிடைக்கிறது. விலைக் கட்டத்தில் யாராவது ‘65/-’ என்று எழுதினாலும் தளம் உடையாதபடி படிக்கும் பக்கத்தைத் தயார் செய்ய வேண்டும், மாற்றம் வெளியே தெரியச் சில நிமிடங்கள் ஆகலாம் என்பதையும் முன்பே சொல்லிவிட வேண்டும். நாளுக்குப் பலமுறை தீர்ந்துபோவதும் போன் வழியே பணம் வருவதும் தொடங்கிய பிறகு பேனலைப் பற்றி யோசிக்கலாம்.