கிணறு வற்றினாலும் NaN, தண்ணீர் சுத்தமாக இருந்தாலும் NaN

நண்பரின் மகன் ஒரு ப்ராஜெக்ட் ரிப்போர்ட் அனுப்பியிருந்தான். ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் பாலாற்றங்கரைக் கிணறுகளின் நீர்த்தரம் பற்றியது. நாலு பேர் வண்டியில் அலைந்து, ஜனவரியிலும் மே மாதத்திலும் தண்ணீர் பிடித்து, லேபில் கொடுத்து வாங்கிய தரவு. உழைப்பு தெரிகிறது, வரைபடங்களும் நன்றாக இருக்கின்றன. ஆனால் நாற்பது பக்க ரிப்போர்ட்டில் என்னை நிறுத்தியது ஒரே ஒரு வரி: "விடுபட்ட மதிப்புகள் சராசரியால் நிரப்பப்பட்டன."

இந்த வரி இல்லாத மாணவர் ப்ராஜெக்டை நான் அதிகம் பார்த்ததில்லை. எது விடுபட்டது, ஏன் விடுபட்டது என்று யாரும் எழுதுவதில்லை, கேட்பதும் இல்லை. இந்த ரிப்போர்ட்டின் இரண்டு முக்கிய முடிவுகளையும் கெடுத்தது இந்த வரிதான். அதுவும் ஒன்றை ஒரு திசையில், இன்னொன்றை நேர் எதிர்த் திசையில்.

முதலில் குரோமியம். லேப் ரிப்போர்ட்டில் சில கிணறுகளுக்கு எண் இருக்கும், பலவற்றுக்கு `BDL` என்று இருக்கும். கருவியால் கண்டுபிடிக்க முடிகிற அளவுக்கும் கீழே என்று அர்த்தம். தோல் பதனிடும் குரோமியம் பெரும்பாலும் மூன்று இணைதிறன் கொண்டது. சாதாரண நிலத்தடி நீரில் அது அவ்வளவாகக் கரைந்து நிற்காது, படிந்து மண்ணிலும் கசடிலும் தங்கிவிடும். அதனால் உப்பு ஏறிப்போன கிணற்றிலேகூட குரோமியம் `BDL` என்று வருவது ஆச்சரியமில்லை. (ராணிப்பேட்டையில் மூடிக்கிடக்கும் குரோமேட் ஆலையின் கழிவுக்குவியல் வேறு கதை. அங்கே இருப்பது ஆறு இணைதிறன் குரோமியம், அது நன்றாகக் கரையும்.)

இப்போது மாணவர்கள் எழுதிய கோடைப் பாருங்கள்:

```
df["cr"] = pd.to_numeric(df["cr"], errors="coerce")
df["cr"] = df["cr"].fillna(df["cr"].mean())
```

முதல் வரி, எண்ணாக மாற்ற முடியாத எதையும் சத்தமில்லாமல் NaN ஆக்கிவிடுகிறது. `BDL` என்பது "மிகக் குறைவு" என்ற தகவல். அது "தெரியாது" என்று மாறிவிட்டது. இரண்டாவது வரி, அந்தத் "தெரியாது"வை மாசுபட்ட கிணறுகளின் சராசரியால் நிரப்புகிறது.

அவர்களுடைய தரவை இங்கே போடுவது முறையில்லை. அதே அமைப்பில் சின்னதாக நானே ஒன்று போட்டுக் காட்டுகிறேன். பத்துக் கிணறுகள், லேபின் கண்டறியும் எல்லை லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். ஆறு கிணறுகள் `BDL`. மற்ற நாலும் 0.02, 0.04, 0.08, 0.26. குடிநீருக்கான இந்தியத் தரநிலையில் மொத்த குரோமியத்தின் வரம்பு 0.05. ஆக, வரம்பைத் தாண்டியவை பத்தில் இரண்டு. இதில் சந்தேகமே இல்லை.

`BDL` வரிசைகளை நீக்கினால் நாலில் இரண்டு, அதாவது பாதிக் கிணறுகள் கெட்டுவிட்டன. சராசரியால் நிரப்பினால் இன்னும் மோசம். நாலின் சராசரி 0.10, சுத்தமான ஆறு கிணற்றுக்கும் வரம்பைப் போல இரண்டு மடங்கு குரோமியத்தை நாமே கலந்துவிட்டோம். பத்தில் எட்டு கெட்டவை!

சரியான வழி கஷ்டமானதும் இல்லை. `BDL` எல்லாம் பூஜ்யம் என்று வைத்தால் பத்தின் சராசரி 0.040. எல்லாம் 0.01 என்று வைத்தால் 0.046. உண்மை இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்க முடியும். பலரும் எல்லையில் பாதியை, 0.005-ஐப் போடுவார்கள், 0.043 வரும். டென்னிஸ் ஹெல்செல் என்ற புள்ளியியலாளர் இந்தப் பாதிப்பழக்கத்தைக் கடுமையாகவே எதிர்த்தவர். ஆறு கிணற்றுக்கும் ஒரே எண்ணைப் போட்டால், இல்லாத ஒரு ஒழுங்கு தரவில் வந்துவிடும் என்பது நியாயமான எதிர்ப்புதான். அதனால் ஒற்றை எண்ணைவிட இரண்டு ஓரங்களையும் எழுதுவது நேர்மை. ஒரு எச்சரிக்கை: லேபின் எல்லையே 0.1 என்றால் இந்தக் கணக்கு எதுவும் உதவாது. `BDL` கிணறு வரம்புக்குள் இருக்கிறதா என்றே சொல்ல முடியாது.

அடுத்தது டி.டி.எஸ்., கரைந்த உப்புகளின் மொத்த அளவு. தோல் கெடாமல் இருக்கப் போட்ட உப்பு, ஊறவைக்கும் தண்ணீரோடு வெளியே வருகிறது. இங்கே வெற்றுக்கட்டத்துக்குக் காரணம் வேறு. மே மாதம் போனபோது சில கிணறுகளில் தண்ணீர் இல்லை.

எட்டுக் கிணறுகள் என்று வைத்துக்கொள்வோம். ஜனவரி அளவுகள் 720, 800, 880, 1040, 2000, 2240, 2800, 3200, சராசரி 1710. மே மாதம் முதல் ஆறில் மட்டும் தண்ணீர் கிடைத்தது: 900, 1000, 1100, 1300, 2500, 2800. சராசரி 1600. வற்றிய இரண்டும் உப்பு மிகுந்த கிணறுகள். சராசரியால் நிரப்பினாலும் அதே 1600தான் வரும். 3200 இருந்த கிணறு கோடையில் 1600 ஆகிவிட்டது என்று அட்டவணை சொல்லும். ரிப்போர்ட்டும் கிட்டத்தட்ட இதையே சொல்லியிருந்தது: கோடையில் நீர்த்தரம் சற்று மேம்படுகிறது! பாலாற்றங்கரையில் ஒரு கோடையைக் கழித்தவர் யாரும் இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க மாட்டார்.

நீக்குவது எப்போதும் தப்பு என்றும் சொல்ல மாட்டேன். இரண்டு மாதமும் அளந்த ஆறு கிணறுகளை மட்டும் ஒப்பிட்டால் 1280-லிருந்து 1600, அதாவது 25 சதவீத ஏற்றம். அது சரியான விடை. ஆனால் "எவ்வளவு ஏறியது" என்ற கேள்விக்கு மட்டும். "ஊரில் எவ்வளவு இருக்கிறது" என்று கேட்டால் அந்த ஆறு போதாது. அந்த 25 சதவீதத்தை வைத்து விடுபட்ட இரண்டையும் ஊகித்தால் 3500, 4000 வரும். எட்டின் சராசரி சுமார் 2138. வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் தரநிலை அனுமதிக்கும் உச்சம் 2000. 1600 அதற்குள்ளே, 2138 வெளியே.

இந்த ஊகத்துக்கும் விலை உண்டு. வற்றுகிற கிணறும் மற்றவை மாதிரியே ஏறும் என்று எடுத்துக்கொண்டோம். அதிகமாகவே ஏறலாம். ஊகித்த எண்கள் சிதறலே இல்லாமல் கோட்டின் மேலேயே உட்காரும் என்பதால், நமக்கு இல்லாத உறுதி இருப்பது போலவும் தெரியும். இன்னொன்று, தண்ணீரே இல்லாத கிணற்றுக்கு டி.டி.எஸ். என்று ஒன்று உண்டா? அந்தக் குடும்பம் மே மாதத்தில் எதைக் குடித்தது என்பதுதான் கேள்வி என்றால், 3500-உம் பதில் இல்லை, 1600-உம் பதில் இல்லை.

இது ஏட்டுக்கணக்கு மட்டும் இல்லை. 1996 ஆகஸ்டில் வேலூர் வழக்கில் உச்ச நீதிமன்றம், பாதிக்கப்பட்ட குடும்பங்களை அடையாளம் கண்டு இழப்பீடு கணக்கிட ஓர் ஆணையம் அமைக்கச் சொன்னது. அந்த மாதிரிப் பட்டியலில் ஒரு வரிசை என்பது ஒரு குடும்பம். `dropna()` அதைத்தான் நீக்கும்.

பையனுக்குப் பதில் எழுதினேன்: வெற்றுக்கட்டத்துக்குப் பக்கத்தில் காரணம் என்று ஒரு பத்தி சேர், `BDL`-ஐ எண்ணாக மாற்றும் முன் தனியாகக் குறித்து வை, அப்புறம் நிரப்பு.

```
df["cr_bdl"] = df["cr"].eq("BDL")
```

காரணம் இனிமேல் எப்படி அங்கிள் தெரியும் என்று கேட்டான். தண்ணீர் பிடித்தபோது எழுதிய நோட்டு இருக்கிறதா என்றேன். இருந்தது. மே மாதப் பக்கத்தில் டி.டி.எஸ். விடுபட்ட கிணறுகளுக்கு எதிரே பேனாவில் எழுதியே வைத்திருக்கிறார்கள்: "தண்ணி இல்ல", "தண்ணி இல்ல", "வீடு பூட்டு". எக்செலில் ஏற்றும்போது மூன்றையும் காலியாக விட்டிருக்கிறார்கள். பூட்டிய வீட்டுக்கும் உப்புக்கும் சம்பந்தம் இருக்க வாய்ப்பில்லை, அந்த ஒன்றை நீக்கிக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறேன்.