ஒப்பந்தப் பணியாளருக்குப் பிரிவுபசாரம்

ஓய்வு பெறும் உத்தியோகஸ்தருக்கென்று ஏற்பட்ட பிரிவுபசாரச் சடங்கை, ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் வேலையிழந்து செல்பவருக்கும், பொன்னாடை, குழுப்படம், இனிப்பு காரம் என்ற அங்கங்களில் ஒன்றும் குறையாமல் நடத்துகிற வழக்கம் நம் அலுவலகங்களில் வேரூன்றிவிட்டது. அன்பினால் பிறந்த வழக்கம் அது. இருப்பினும் அதன் குறைகளையும் ஆராய்வது அவசியம்.

தொழில் தகராறுச் சட்டத்தில் 1984இல் புகுந்த திருத்தம், ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமையால் நேரும் பணிமுடிவு ஆட்குறைப்பு ஆகாது என்று வகுத்தது. ஆகவே ஆட்குறைப்புக்குரிய முன்னறிவிப்பும் இழப்பீடும் இங்கே எழுவதில்லை. வேலையைவிட்டு நீக்கியவர் என்று ஒருவரைச் சுட்டிக்காட்டவும் இயலாது, தேதியே நீக்கிவிடுகிறது. இத்தகைய மௌனத்தின் நடுவே, உடன் உழைத்தவர்கள் தம் கைக்காசைப் போட்டு, உங்கள் உழைப்பை நாங்கள் கண்டோம் என்று வாய்திறந்து சொல்வது சாமானியமான காரியமன்று.

ஆயினும் ஓர் அலுவலகத்தில் நான் கண்டதைச் சொல்ல வேண்டும். பதினோரு மாதத்துக்கொருமுறை புதுப்பிக்கப்பட்டு, சில ஆண்டுகள் தொகுப்பூதியத்தில் தட்டச்சும் கணினிப் பதிவும் செய்துவந்த அம்மையார் ஒருவரை, அவருக்கான நீட்டிப்புக் கோப்பை மேலே அனுப்பாத அதிகாரியே மேடையில், “மேன்மேலும் உயர வேண்டும்” என்று வாழ்த்தினார். ஓய்வூதியத்தோடு செல்பவருக்குப் பொருந்திய அந்த வாசகம், மறுமாத வாடகைக்கு வழி தெரியாதவர் செவியில் எவ்விதம் விழுந்திருக்கும்! அதற்கும் மேலாக, ஏற்புரை என்ற சம்பிரதாயம் அவரை எழுப்பி நிறுத்தி, அனைவருக்கும் நன்றி சொல்ல வைத்தது. கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்க இயலாத இடத்தில் அவரை நிறுத்தியதே இவ்வழக்கத்தின் பெருங்குறை என்பேன்.

சக ஊழியர்களுக்கு நீட்டிப்பு வழங்கும் அதிகாரமில்லை என்பது மெய்யே. ஆனால் அவர்கள் வற்புறுத்திப் பெற்றுத் தரக்கூடியவை உண்டு. அந்த அம்மையாருக்குக் கிடைத்த அனுபவச் சான்றில் “பணியாற்றினார், நன்னடத்தை உடையவர்” என்ற இரு சொற்றொடர்களே இருந்தன. அவர் தனியாகவே பராமரித்த சம்பளப் பட்டியலைப் பற்றியோ, தமக்குப் பின் வருபவருக்குக் கடைசி வாரம் முழுவதும் அதைக் கற்பித்ததைப் பற்றியோ ஒரு வரி கிடையாது. அடுத்த வேலைக்கு நேர்முகம் காண்பவர் படிப்பது அந்த வரிகளைத்தான். வருங்கால வைப்பு நிதிக் கணக்கில் பணி விலகிய தேதியை அலுவலகம் பதியாவிட்டால், கடைசிச் சந்தாவுக்குப் பின் இரண்டு மாதம் காத்திருந்து ஊழியரே பதிய வேண்டியிருக்கும். கையில் காசில்லாத அந்த இரண்டு மாதம் சிறிய காலமன்று.

ஆகவே விழாவுக்கு நாள் குறிக்கும் முன்பே, நீட்டிப்பு இல்லையென்பதை ஒரு மாதமேனும் முந்தி நேரில் சொல்லி, செய்த வேலைகளை விவரித்த சான்றைக் கையொப்பத்தோடு அளித்து, நிலுவைச் சம்பளத்தையும் தீர்த்துவிட்டு, ஏற்புரையை அவர் விருப்பத்துக்கு விடுவார்களானால், பொன்னாடை போர்த்துவதற்கு அந்த அலுவலகத்தாருக்கு உரிமை உண்டு.